“இது நான் சொன்னதா, லாத்தா?”

 

இல்லத்திலிருந்தபடியே தொழில் செய்யும் சகோதரிகளுக்கான இப்பகுதியில் துணி வாங்குவது, கணக்கு எழுதுவது, கூலி நிர்ணயிப்பது என்று பலவற்றைப் பேசியிருக்கிறோம். இம்மாதம் ஓர் உள்ளங்கையில் அடங்கும் சிறிய விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். மனம் மகிழ்ந்த வாடிக்கையாளர் ஒருவர் நம் தையலைப் பற்றிச் சொன்ன நாலு வார்த்தையை, நம் தையலகத்தின் நோட்டீஸில் நற்சான்றாகப் போட்டுக்கொள்வது எப்படி என்பதே அது. “இதில் என்ன இருக்கிறது? அவர் பாராட்டினார், நாம் அச்சடித்தோம்” என்று நினைப்பீர்கள். கீழக்கரைச் சகோதரி ஒருவரும் அப்படித்தான் நினைத்தார்.

அவர் வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்களும் ஓர் ஓவர்லாக் இயந்திரமும் வைத்து, சல்வார், அபாயா, மணப்பெண் உடைகள் தைத்துக் கொடுப்பவர். வாசலில் ‘லேடீஸ் பொட்டிக்’ என்று பலகையும் உண்டு. கைசுத்தமான தையல். சென்ற ஆண்டு அவருடைய வாடிக்கையாளரான ஓர் இளம்பெண், தன் தங்கையின் நிக்காஹ் முடிந்த மறுவாரம், வாட்ஸ்அப்பில் குரல் பதிவொன்றை அனுப்பியிருந்தார். நெஞ்சு நிறைந்த பாராட்டு. அதைக் கேட்டுப் பூரித்துப்போன சகோதரி, கல்லூரியில் படிக்கும் தம் மகனிடம் சொல்லி, அதை அழகான வாசகமாக எழுதச் செய்து, 500 நோட்டீஸ் அச்சடித்து வீடுதோறும் கொடுத்துவிட்டார். அந்த வாசகம் இது:

“கீழக்கரையிலேயே இவர்களைப் போல் தைப்பவர் எவருமில்லை! உலகத்தரமான தையல்! மிகக் குறைந்த கட்டணம்! எப்போதும் குறித்த நாளுக்கு முன்பே டெலிவரி! என் தோளில் இருக்கும் குறையைக்கூட வெளியே தெரியாமல் மறைத்துவிட்டார்கள்!”

கீழே அப்பெண்ணின் பெயரும், அவர் வசிக்கும் தெருவின் பெயரும்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் கடைக்கு வந்தார். சண்டை போடவில்லை. நோட்டீஸை மேசைமேல் வைத்து, “இது நான் சொன்னதா, லாத்தா?” என்று மட்டும் கேட்டார். அவருடைய மாமி மகளும் அதே ஊரில் தைத்துப் பிழைப்பவர். “என்னைப் போல் தைப்பவர் ஊரில் எவருமில்லை என்று நீயா சொன்னாய்?” என்று அவர் கேட்டிருக்கிறார். தன் தோளைப் பற்றி வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாதிருந்தது. இப்போது தெருவுக்கே தெரிந்துவிட்டது. இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதன்பின் இரண்டு மாதம் அந்த வீட்டிலிருந்து ஒரு துணியும் தைக்க வரவில்லை.

சகோதரி என்னிடம் வந்தபோது, நோட்டீஸை நான் பார்க்கவில்லை. “அந்தக் குரல் பதிவு இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டேன். இருந்தது. இருவரும் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். அவர் உண்மையில் பேசியது இதுதான்:

“அஸ்ஸலாமு அலைக்கும் லாத்தா. சுகமா இருக்கீங்களா? தங்கச்சி நிக்காஹ் நல்லபடியா முடிஞ்சிச்சு, அல்ஹம்துலில்லாஹ். நீங்க தச்ச சல்வார் ரொம்ப சூப்பர் லாத்தா. எல்லாரும் எங்க தச்சதுன்னு கேட்டாங்க. எனக்கு தோள் ஒரு பக்கம் இறக்கம்ல, எந்தத் தையல் கடையில குடுத்தாலும் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுதான் நிக்கும். நீங்க ரெண்டு தோளையும் தனித்தனியா அளந்தீங்கல்ல, அப்பவே நெனச்சேன். இந்தத் தடவ கண்ணாடில பாத்துட்டு உம்மாவே ஆச்சரியப்பட்டாங்க. கை மட்டும் மொதல்ல கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு. நீங்க அன்னிக்கே பிரிச்சு விட்டுத் தந்துட்டீங்க, காசும் வாங்கல. சொன்ன நாளைக்கு ஒரு நாள் முந்தியே குடுத்துட்டீங்க. கூலி கொஞ்சம் கூடத்தான், ஆனா பரவால்ல. துஆ செய்ங்க லாத்தா.”

சகோதரிகளே, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஊரிலேயே எவருமில்லை என்று அவர் சொல்லவில்லை. உலகத்தரம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. கூலி கூட என்று சொன்னதை ‘மிகக் குறைந்த கட்டணம்’ என்று தலைகீழாக மாற்றியிருக்கிறார்கள். ஒருமுறை ஒரு நாள் முந்திக் கொடுத்தது ‘எப்போதும்’ ஆகிவிட்டது. ‘இறக்கம்’ என்று அவர் சாதாரணமாகச் சொன்னது ‘குறை’ ஆகிவிட்டது. இவ்வளவையும் மேற்கோள் குறிக்குள் வைத்து, அடியில் அவர் பெயரையும் போட்டால், அது விளம்பரமல்ல; அவர் சொல்லாத சாட்சியை அவர் பெயரால் சொன்னதாகும். சாட்சியத்தில் கூட்டுவதும் குறைப்பதும் எத்தகையது என்பதை நம் மார்க்கம் அறிந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. மகன் எழுதிய வாசகம் பொய் மட்டுமல்ல, பயனற்றதும் கூட. ‘உலகத்தரம்’, ‘குறைந்த கட்டணம்’ என்பவற்றை எல்லாக் கடைகளும் போடுகின்றன. அவற்றைப் படித்து யாரும் துணியை எடுத்துக்கொண்டு புறப்படுவதில்லை. ஆனால் அந்தப் பெண் பேசியதில், இரண்டு தோளையும் தனித்தனியாக அளந்தீர்களே என்று ஓர் இடம் வருகிறதல்லவா? அதுதான் பொன். பொன்னைக் கையில் கொடுத்திருக்க, அதன்மேல் பித்தளை முலாம் பூசிவிட்டார்கள்.

ஆகவே நாங்கள் முதலிலிருந்து மறுபடி தொடங்கினோம். எழுதி வைத்த பேச்சை மேசையில் விரித்து, பென்சிலால் அடிக்கோடிட்டோம். யார் வேண்டுமானாலும் எந்தக் கடையைப் பற்றியும் சொல்லக்கூடியதற்குக் கோடில்லை. இவர் மட்டுமே, இந்த உடையைப் பற்றி மட்டுமே சொல்லக்கூடியதற்குக் கோடு. ‘ரொம்ப சூப்பர்’ என்பதற்குக் கோடில்லை. ‘எல்லாரும் கேட்டாங்க’ என்பதற்கும் இல்லை. அது உண்மையாகவே இருந்தாலும் எல்லா விளம்பரத்திலும் வருவது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்பது, இரண்டு தோளையும் தனியே அளந்தது, கண்ணாடி முன் உம்மாவின் ஆச்சரியம், இறுக்கமான கையை அன்றே பிரித்துவிட்டது, ஒரு நாள் முந்திக் கொடுத்தது, கூலி கூட என்பது. இந்த ஆறுக்கும் கோடு விழுந்தது.

அடுத்து வரிசை. தைக்கக் கொடுக்க வரும் எந்தப் பெண்ணின் மனத்திலும் முதலில் இருப்பது பயம்தான். விலை கொடுத்து வாங்கிய துணி, வெட்டிவிட்டால் வெட்டியதுதான். ஆகவே நற்சான்று அந்தப் பயத்தில் தொடங்க வேண்டும். பிறகு தையற்காரர் செய்த ஒரு செயல். பிறகு அதன் பலன். பயம், செயல், பலன் என்ற இந்த வரிசை நாம் திணிக்க வேண்டிய ஒன்றன்று. மகிழ்ந்த வாடிக்கையாளர் பேசும்போது பெரும்பாலும் தாமாகவே இப்படித்தான் பேசுகிறார். இந்தப் பெண்ணும் அப்படியே பேசியிருந்தார்: இழுத்துக்கொண்டு நிற்கும் என்ற பயம், தனித்தனியாக அளந்த செயல், கண்ணாடியில் கண்ட பலன். முன்னால் இருந்த நலம் விசாரிப்பையும் பொதுப் பாராட்டையும் எடுத்துவிட்டாலே போதுமானதாக இருந்தது. எடுத்துவிடலாம், சேர்க்கக் கூடாது. இதுவே முதல் விதி.

ஆனால் எடுத்துவிடுவதிலும் ஏமாற்று உண்டு என்பதை மறக்க வேண்டாம். கோடிட்ட ஆறையும் ஒவ்வொன்றாக எடுத்து, “இதை விட்டுவிட்டால் படிப்பவர் தவறாக எதையேனும் நம்புவாரா? இதைப் போட்டால் தவறாக எதையேனும் நம்புவாரா?” என்று கேட்டுக்கொண்டோம்.

கூலி கூட என்பதை விடலாமா? நற்சான்றில் கூலியைப் பற்றியே பேச்சில்லை என்றால் விடலாம். படிப்பவர் கடைக்கு வந்து கேட்டுத் தெரிந்துகொள்வார். ஆனால் ‘பரவால்ல’ என்ற ஒரு சொல்லை மட்டும் பிடுங்கி, ‘கொடுக்கும் காசுக்குத் தகுந்த தையல்’ என்று ஆக்குவது கூடாது.

ஒரு நாள் முந்திக் கொடுத்ததைப் போடலாமா? இங்கே சகோதரி தயங்கினார். சென்ற ரமளானில் கடைசிப் பத்து நாட்களில் அவரிடம் துணிகள் குவிந்து, பெருநாளுக்கு முந்தைய இரவு இரண்டு மணி வரை தைத்திருக்கிறார். சிலருக்குச் சொன்ன நாள் தாண்டியும் போயிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு முந்திக் கொடுத்தது உண்மை. ஆனால் அதை நோட்டீஸில் போட்டால், படிப்பவர் அதைத் தமக்கும் உரிய வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்வார். ஒருவருக்கு நடந்தது எல்லோருக்கும் நடப்பதல்ல என்றால், உண்மையான வாக்கியமும் பொய்யான எதிர்பார்ப்பைப் பிறப்பித்துவிடும். அதை விட்டுவிட்டோம்.

கை இறுக்கமாக இருந்ததை விடலாமா? “அதைப் போட்டால் என் தையலில் பிழை என்று நானே சொன்னதாகிவிடாதா?” என்றார் சகோதரி. நான் அதைத்தான் கட்டாயம் போட வேண்டும் என்றேன். அளவெடுத்துத் தைக்கும் உடை முதல் தடவையிலேயே எல்லோருக்கும் கச்சிதமாக அமைந்துவிடும் என்று எந்தப் பெண்ணும் நம்புவதில்லை. “சரியில்லாவிட்டால் என்ன செய்வார்கள்? முகம் சுளிப்பார்களா, காசு கேட்பார்களா, நாலு நாள் அலைய விடுவார்களா?” என்பதே அவள் அறிய விரும்புவது. ‘அன்றைக்கே பிரித்து விட்டுத் தந்தீர்கள், காசும் வாங்கவில்லை’ என்பது அதற்கு நேரான விடை. குறையைச் சொல்லும் அந்த ஒரு வரியே, மீதி வரிகளும் உண்மைதான் என்று படிப்பவரை நம்பச் செய்கிறது. ஈரமான தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியிடம், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்ட நிகழ்ச்சி நாம் அறிந்ததே. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இலவசமாகத் திருத்தித் தருவது உங்கள் வழக்கமாக இருந்தால்தான் இவ்வரியைப் போடலாம். இச்சகோதரிக்கு அது வழக்கம். கையின் உள்தையலில் ஓர் அங்குலம் துணி விட்டே தைப்பார். அதனால்தான் அன்றே பிரித்து விட முடிந்தது.

இப்போது மொழி. தமிழில் இது சற்றுச் சிக்கலான இடம். நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. பேச்சை அப்படியே அச்சடித்தால் வெளியூர்க்காரர் வாசிக்கத் தடுமாறுவார்; பேசியவருக்கும் கூச்சமாக இருக்கும். முழுவதையும் ஏட்டுத் தமிழாக்கினால், ‘எனது தாயார் வியப்புற்றார்’ என்று, எந்தப் பெண்ணும் தையற்காரரிடம் பேசாத மொழியாகிவிடும். படிப்பவர் உடனே ‘இது கடைக்காரர் எழுதியது’ என்று கண்டுகொள்வார். நாங்கள் செய்தது இவ்வளவே: சொல்லின் முடிவை மட்டும் எழுத்துத் தமிழுக்கு ஏற்பத் திருத்தினோம், சொல்லை மாற்றவில்லை, வரிசையை மாற்றவில்லை. ‘நெனச்சேன்’ என்பது ‘நினைத்தேன்’ ஆயிற்று, ‘எண்ணினேன்’ ஆகவில்லை. உம்மா உம்மாவாகவே இருந்தார். ‘லாத்தா’ என்ற விளியையும் முதலில் வைத்தோம். அந்த ஒரு சொல்லால், இது ஒரு பெண் தன் தையற்காரரிடம் பேசுவது என்பது விளங்கிவிடுகிறது.

இனி, இவற்றையெல்லாம்விடப் பெரிய விஷயம். இந்த நற்சான்றின் உயிரான வரி எதுவோ, அதுவே அப்பெண்ணின் அந்தரங்கமாகவும் இருந்தது. தையற்காரரிடம் நாம் நம் உடலின் அளவையே ஒப்படைக்கிறோம். அந்த அளவு நோட்டு ஓர் அமானிதம். தோளின் இறக்கமோ, இடுப்பின் சுற்றளவோ, கர்ப்பமோ, நோயின் தழும்போ, நற்சான்று என்ற பெயரால் வெளியே போகக் கூடாது. பெயரைப் போடாவிட்டால் போதுமே என்பீர்கள். போதாது. பத்துத் தெருக்கள் உள்ள ஊரில் ‘சென்ற மாதம் நிக்காஹ் நடந்த வீட்டு மணப்பெண்ணின் அக்கா’ என்று போடுவது பெயரைப் போடுவதேயாகும். உடை உடுத்திய புகைப்படத்தில் முகத்தை மறைத்துவிட்டாலும், துணியின் நிறமும் வேலைப்பாடும் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே ஒரு நாள் மாலை சகோதரி அந்தப் பெண்ணின் வீட்டிற்குச் சென்றார். முதலில் மன்னிப்புக் கேட்டார். மீதமிருந்த நோட்டீஸ்களை அவர் முன்னிலையிலேயே கிழித்தார். பிறகு, நாங்கள் எழுதிய புதிய வாசகத்தை வாசித்துக் காட்டினார். “இதைப் போட்டால் உங்களுக்குச் சம்மதமா? எங்கே எங்கே போடப் போகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன்: நோட்டீஸில், துணிப்பையில், என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில். வேண்டாமென்றால் எழுதியதை இப்போதே தந்துவிடுகிறேன்” என்றார்.

அந்தப் பெண் தாளை வாங்கி மெதுவாக வாசித்தார். இரண்டு இடங்களைத் திருத்தச் சொன்னார். ஒன்று, ‘எனக்குத் தோள் ஒரு பக்கம் இறக்கம்’ என்பதை எடுத்துவிட வேண்டும். சல்வார் இழுத்துக்கொண்டு நிற்கும் என்பது மட்டும் இருக்கட்டும். எவ்வளவு அழகான திருத்தம் பாருங்கள்! குறை உடலில் இல்லை, உடையில் என்று ஆகிவிட்டது, பொருளும் கெடவில்லை. இரண்டு, ‘எந்தத் தையல் கடையில் கொடுத்தாலும்’ என்பதும் வேண்டாம். மாமி மகள் மனம் நோகும். ‘எப்போதும்’ என்று போதும் என்றார். பெயரும் தெருவும் வேண்டாமென்றார். நிக்காஹ் என்ற சொல்லை நாங்களே முன்னதாக எடுத்திருந்தோம். இறுதியில் அமைந்த வாசகம் இது:

“லாத்தா, எனக்குச் சல்வார் எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டுதான் நிற்கும். நீங்கள் இரண்டு தோளையும் தனித்தனியாக அளந்தீர்களல்லவா, அப்போதே நினைத்தேன். இந்தத் தடவை கண்ணாடியில் பார்த்துவிட்டு உம்மாவே ஆச்சரியப்பட்டார்கள். கை மட்டும் முதலில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அன்றைக்கே பிரித்து விட்டுத் தந்துவிட்டீர்கள், காசும் வாங்கவில்லை.”
– கீழக்கரை வாடிக்கையாளர் ஒருவர்

சகோதரிக்கு இன்னும் ஓர் ஆசை இருந்தது. தோளைத் தனித்தனியாக ஏன் அளக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும் என்றார். நியாயமான ஆசை. பொதுவாகத் துணியை இரண்டாக மடித்து, ஒரே வெட்டில் இரு பக்கத்தையும் வெட்டுவார்கள். அப்போது இரு தோள்களும் ஒரே சரிவாக அமையும். ஆனால் பலருக்கு இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. தாழ்ந்த பக்கத்தில் சுருக்கம் விழுந்து, கழுத்து அப்பக்கமாக இழுபடுகிறது. இதை அறிந்த தையற்காரர் கழுத்தடியிலிருந்து தோள்முனை வரை இரு பக்கமும் அளந்து, சரிவையும் குறித்துக்கொண்டு, தனித்தனியாக வெட்டுகிறார். இது அருமையான விஷயம்தான். ஆனால் இது அந்தப் பெண் சொன்னதல்ல. எனவே மேற்கோள் குறியை மூடிவிட்டு, கீழே கடையின் குரலில், வேறு எழுத்தில் போட்டோம்:

‘இரண்டு தோளும் ஒரே மட்டமாக இருப்பது எல்லோருக்கும் இல்லை. ஆகவே எங்களிடம் ஒவ்வொரு உடைக்கும் இரு தோளையும் தனியே அளக்கிறோம். கையில் உள்தையல் விட்டே தைக்கிறோம். இறுக்கமானால் கொண்டு வாருங்கள், கட்டணமின்றிப் பிரித்துத் தருகிறோம்.’

குறிக்குள் இருப்பது அவருடைய சொல். வெளியே இருப்பது உங்களுடைய சொல். அவருடைய சொல்லுக்கு அவர் பொறுப்பு. உங்கள் வாக்குறுதிக்கு நீங்கள் பொறுப்பு. இந்த இரண்டும் கலக்காதவரை எவரும் உங்களைக் குறைகூற முடியாது. ‘எல்லோருக்கும் இல்லை’ என்று பொதுவாகச் சொன்னதால், மேலே பேசிய பெண்ணை நோக்கி எவரும் விரல் நீட்டவும் இடமில்லாமல் போயிற்று.

துணிப்பையில் இவ்வளவுக்கும் இடமில்லை. அங்கே, “இரண்டு தோளையும் தனித்தனியாக அளந்தீர்களல்லவா, அப்போதே நினைத்தேன்” என்ற ஒரு வரி மட்டும். அதைப் படிக்கும் பெண், தன்னையறியாமல் தன் தோளைத் தொட்டுப் பார்ப்பாள். சுருக்கும்போது முழு வாசகத்திலிருந்து ஒரு வரியை எடுக்க வேண்டுமேயன்றி, முழு வாசகத்தையும் பிழிந்து புதுவரி ஒன்றை உண்டாக்கக் கூடாது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2022 ஜூன் மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. விளம்பரத்தில் ஒருவர் தரும் பரிந்துரை அவருடைய உண்மையான கருத்தாகவும், பழங்கதையாகிவிடாத கருத்தாகவும், அப்பொருளைப் பற்றிய போதிய தகவலையோ அனுபவத்தையோ அடிப்படையாகக் கொண்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது அது. பேசுபவருக்கும் வியாபாரிக்கும் இடையே, படிப்பவர் எதிர்பார்க்காத தொடர்பு ஏதேனும் இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும். ஆகவே உங்கள் நாத்தனாரின் பாராட்டைப் போட்டால் நாத்தனார் என்றே போடுங்கள். பாராட்டுக்குப் பதிலாக ஒரு பிளவுஸை இலவசமாகத் தைத்துக் கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சொல்லக் கூசும் நற்சான்று, போடத் தகுதியற்ற நற்சான்று. வாடிக்கையாளரின் மூலப் பேச்சையோ கடிதத்தையோ தேதியிட்டு, அவர் சம்மதித்த விவரத்தோடு ஒரு நோட்டில் வைத்திருங்கள். தையற்காரரோ, அளவு முறையோ மாறிவிட்டால் பழைய நற்சான்றை எடுத்துவிடுங்கள்.

எல்லா வாடிக்கையாளரும் இப்பெண்ணைப் போல் தாமாகவே விவரமாகப் பேசுவதில்லை. ‘நல்லா இருக்கு லாத்தா’ என்று முடித்துவிடுவார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய இயலாது. நாமே பூச்சு வேலையில் இறங்குவது அந்த இடத்தில்தான். அப்போது பூசாதீர்கள், கேளுங்கள். உடையை வாங்கிப் போகும் நாளில் கேட்க வேண்டாம். அன்று எல்லோரும் மரியாதைக்கு நல்லதையே சொல்வார்கள். ஒருமுறை உடுத்தி, ஒருமுறை துவைத்த பிறகு கேளுங்கள். தையலின் தரம் துவைத்த பிறகல்லவா தெரிகிறது? “துணியைக் கொடுக்கும்போது உங்களுக்கு என்ன பயமாக இருந்தது? உடுத்திப் பார்த்தபோது எந்த இடம் சரியாக இருந்தது, எந்த இடம் சரியாக இல்லை?” என்று கேட்டாலே போதும். சரியில்லாததை அவர் சொன்னால், முதலில் அதைத் திருத்திக் கொடுங்கள். நற்சான்று பிறகு.

கீழக்கரைச் சகோதரியின் புதிய நோட்டீஸ் இம்முறை 200 பிரதிகள்தான். அதைப் பார்த்து எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் சென்ற வாரம் அவர் சொன்ன ஒரு செய்தி என் மனத்தை நிறைத்தது. அந்தப் பெண் மறுபடி வந்திருக்கிறார். கையில் பெருநாளுக்கான துணி. கூடவே அவருடைய உம்மாவும் வந்திருக்கிறார். மேசையில் கிடந்த நோட்டீஸை எடுத்துப் படித்துவிட்டு, மகளைப் பார்த்து அந்த உம்மா சொன்னாராம்: “இதை நீ சொன்ன மாதிரியே இருக்கே!”

ஒரு நற்சான்று உண்மையானதுதானா என்பதற்கு அதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியவில்லை. அச்சகத்திற்குக் கொடுக்கும் முன் உங்கள் வாசகத்தையும் அந்தப் பரிசோதனையில் நிறுத்துங்கள். பேசியவரின் வீட்டார் படித்தால், அது அவர் குரல் என்று அடையாளம் காண வேண்டும். அயலார் படித்தால், அது யார் என்று அடையாளம் காணக் கூடாது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.